சொதியைச் சொதி என்றே எழுதுங்கள்: சைவ மெஸ் மெனுவை ஆங்கிலத்தில் எழுத முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள ரத வீதி ஒன்றில் என் மாமா சிறிய சைவ மெஸ் ஒன்று நடத்துகிறார். சாரல் நேரத்தில் குற்றாலம் போகிறவர்கள், கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் என்று தமிழ் தெரியாதவர்களும் அங்கே வந்து உட்காருவார்கள். பழைய ஆங்கில மெனுவில், தேங்காய்ப்பாலில் காய்களும் பருப்பும் சேர்த்து வைக்கும் எங்கள் ஊர்ச் சொதிக்கு ‘கோகனட் சூப்’ என்று போட்டிருந்தது. ஒரு மதியம் வெளிநாட்டிலிருந்து வந்த கணவனும் மனைவியும் அதைக் கேட்டார்கள். கிண்ணத்தில் வந்ததை ஸ்பூனால் குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள், பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அதற்குச் சோறு வேண்டும் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. அதோடு தொட்டுக்கொள்ள வேண்டிய இஞ்சிப் பச்சடி அடுக்களையிலேயே இருந்தது.

அன்றைக்குத்தான் மெனுவை முழுதாகத் திருப்பி எழுதலாம் என்று முடிவு செய்தோம். மொத்தம் 22 பதார்த்தங்கள். ஒரு வாரம் ஆனது. எந்த வரிசையில் செய்தோமோ அதே வரிசையில் சொல்கிறேன்.

முதலில் அடுக்களைக்குப் போங்கள்

மெனு அட்டையை வைத்துக்கொண்டு மொழிபெயர்க்க உட்கார்ந்தால் தப்பாகத்தான் வரும். அட்டையில் இருப்பது பெயர் மட்டும். பக்குவம் சமைக்கிறவர் கையில் இருக்கிறது. மாமா மெஸ்ஸில் சமையல் முழுக்க ஒரு ஆச்சியின் பொறுப்பு. நோட்டை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் நான்கே கேள்விகள் கேட்டேன். இது எதில் வேகிறது, தண்ணீரிலா ஆவியிலா எண்ணெயிலா? தாளிப்பது எண்ணெயிலா நெய்யிலா? கடைசியில் சேர்ப்பது எது? இதை எதோடு சாப்பிட வேண்டும்?

சொதிக்கு ஆச்சி சொன்னதை அப்படியே தருகிறேன். தேங்காயைத் துருவி மூன்று பால் எடுக்க வேண்டும். பாசிப்பருப்பைத் தனியாகக் குழைய வேகவைக்க வேண்டும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்த விழுதோடு, மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காய்கள் வேகும். பருப்பு அதில் சேரும். முதல் பால் கடைசியில்தான். “முதப் பாலை ஊத்திட்டுக் கொதிக்க விட்டா திரிஞ்சு போயிரும் தம்பி. நுரை கட்டினதும் எறக்கிரணும். எலுமிச்சம்பழம் எறக்கின பெறவுதான்.”

இந்தக் குறிப்பு கிடைத்ததும் ஆங்கிலச் சொல் தானாக வந்தது. கொதிக்க விடாமல், சிறு தீயில் வேகவைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘சிம்மர்’ என்ற தனிச் சொல் இருக்கிறது. அடுக்களைக்குப் போகாமல் எழுதியிருந்தால் ‘பாயில்’ என்று போட்டிருப்பேன். சொதியில் செய்யக் கூடாதது எதுவோ அதையே மெனுவில் எழுதி வைத்ததாகியிருக்கும்.

பெயரை மொழிபெயர்க்காதீர்கள்

பதார்த்தத்தின் பெயரை ஒலிபெயர்த்து, அதாவது தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதி, மேலே வைக்க வேண்டும். விளக்கம் கீழே ஒரு வரி. இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. சாப்பிட வந்தவர் ‘கோகனட் சூப்’ என்று கேட்டால் பரிமாறுகிற பையனுக்குப் புரியாது. ‘சொதி’ என்று எப்படி உச்சரித்துக் கேட்டாலும் புரிந்துவிடும்.

பெயரை மொழிபெயர்த்தால் பொய்யே சொல்லிவிடக்கூடும் என்பதற்கு முந்திரிக்கொத்தைப் பார்க்கலாம். பெயரில் முந்திரி இருக்கிறது, பண்டத்தில் இல்லை. வறுத்த பாசிப்பயற்று மாவை வெல்லப் பாகில் பிசைந்து உருண்டை பிடித்து, அரிசி மாவுக் கரைசலில் முக்கி, இரண்டு மூன்றாக ஒட்டினாற்போல் எண்ணெயில் பொரித்து எடுக்கிறோம். பழைய மெனுவில் ‘கேஷ்யூ பன்ச்’ என்று இருந்தது. முந்திரி ஒவ்வாதவர் பயந்து ஒதுங்குவார், முந்திரிக்கு ஆசைப்பட்டவர் ஏமாறுவார். இப்போது இப்படி இருக்கிறது:

```
Mundhirikothu  முந்திரிக்கொத்து
Balls of roasted moong flour and jaggery,
dipped in rice batter and deep-fried.
No cashew.
```

தமிழ்ப் பெயரும் பக்கத்திலேயே இருப்பதைக் கவனியுங்கள். வந்தவர் விரலால் தொட்டுக் காட்டினால் ஆங்கிலம் தெரியாத பையனும் தமிழில் படித்துக்கொள்ளலாம். இரண்டு தனி அட்டைகள் போட்டால் இந்த வசதி போய்விடும்.

எழுத்துக்கூட்டலை ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். சொதியைப் பார்த்து எழுதும்போது ஒரு பக்கத்தில் ‘Sothi’, இன்னொரு பக்கத்தில் ‘Sodhi’ என்று வந்துவிடும். நாங்கள் வைத்துக்கொண்டது எளிய விதி: சொதி, உளுந்து, முந்திரி போல மெலிந்து ஒலிக்கும் ‘த’வுக்கு `dh`, கொத்து போல அழுத்தி ஒலிக்கும் ‘த்த’வுக்கு `th`, ழகரத்துக்கு `zh`. ழகரத்தை வெளிநாட்டார் எப்படியும் சரியாகச் சொல்லப்போவதில்லை. ஆனாலும் குழம்பை `Kuzhambu` என்று எழுதுவது பரவலாகிவிட்டது, இணையத்தில் தேடினாலும் கிடைக்கும். ஏற்கெனவே ஊரறிந்த எழுத்துக்கூட்டல் இருந்தால் விதியை ஓரமாக வைத்துவிட்டு அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அல்வாவுக்கு `Halwa` என்று கடைக்குக் கடை இருக்கும்போது நாம் மட்டும் `Alva` என்று எழுதி யாருக்கும் பயனில்லை. இடியாப்பத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்டிரிங் ஹாப்பர்’ என்பது இலங்கை வழக்கு. நம் ஊர் மெனுவில் `Idiyappam` போதும். இட்லிப் பொடிக்கு ‘கன்பவுடர்’ என்று எழுதுவது ஒரு பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பொடியில் என்ன இருக்கிறது என்று அந்தச் சொல் எதுவும் சொல்வதில்லை.

வினைச்சொல்லில்தான் வேலை இருக்கிறது

பெயர் அப்படியே நிற்கும், பொருள்களுக்குப் பெரும்பாலும் ஆங்கிலப் பெயர் உண்டு. சமைக்கிற வினையில்தான் நாம் அதிகம் சறுக்குகிறோம். நம் வினைச்சொல் ஒன்று ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும்.

இட்லியையும் அவிக்கிறோம், பனங்கிழங்கையும் அவிக்கிறோம். இட்லி ஆவியில் வேகிறது, அது ‘ஸ்டீம்’. கிழங்கு தண்ணீரில் வேகிறது, அது ‘பாயில்’. வறுப்பதும் இப்படித்தான். வெறும் சட்டியில் மல்லியை வறுத்தால் ‘டிரை ரோஸ்ட்’, எண்ணெய் விட்டு வாழைக்காயை வறுத்தால் ‘ஃபிரை’. அதனால்தான் எதில் வேகிறது என்பதை முதல் கேள்வியாக வைத்தேன்.

பதார்த்தத்தின் பெயரிலேயே வினை இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. பொரியல் பொரிப்பதில்லை. காயை வேகவைத்தோ வதக்கியோ தாளித்துத் தேங்காய்ப்பூ தூவுவதுதான் பொரியல். ‘ஃபிரைடு பீன்ஸ்’ என்று எழுதினால் எண்ணெயில் முக்கி எடுத்த மொறுமொறுப்பை எதிர்பார்ப்பார்கள். பொரிச்ச குழம்பு என்று பெயரில் இருந்தாலும் அதிலும் எண்ணெயில் பொரிப்பது கிடையாது. பருப்பும் காயும், அரைத்த தேங்காயும் சீரகமும் சேர்ந்த குழம்பு அது. ஆச்சியிடம் இதை ‘ஃபிரைடு’ என்று போட்டிருந்ததாகச் சொன்னபோது, “எண்ணெய்ச் சட்டியே வைக்கலியே, எங்கன பொரிச்சதாம்?” என்று கேட்டார்கள்.

தாளிப்பதற்கு ஆங்கிலத்தில் ‘டெம்பர்’ என்ற சொல்லைச் சமையல் புத்தகங்களில் காணலாம். ஆனால் வெளிநாட்டார் பலருக்கு அது சாக்லேட் வேலையோடு சேர்ந்த சொல். சொல்லைத் தேடாமல் செயலை எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்தது: எண்ணெயில் பொரிந்த கடுகும் கறிவேப்பிலையும் மேலே சேர்க்கப்படுகின்றன என்று நேராக எழுதுங்கள். பெரும்பாலான பதார்த்தங்களில் தாளிப்பு இருப்பதால் ஒவ்வொரு வரியிலும் அதைச் சொல்லவும் வேண்டாம். தாளிப்பே ருசியைத் தீர்மானிக்கும் இடத்தில் மட்டும் சொன்னால் போதும்.

இனிக் கூட்டாஞ்சோறு. இதில்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. முதலில் ‘மிக்ஸ்டு ரைஸ்’ என்று எழுதினேன். அப்புறம் அதே பக்கத்தில் எலுமிச்சைச் சோறும் புளியோதரையும் இருப்பதைப் பார்த்தேன். அவை வடித்த சோற்றில் கலவையைச் சேர்த்துக் கிளறுவது. கூட்டாஞ்சோறு அப்படியில்லை. அரிசி, துவரம்பருப்பு, காய்கள், முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பாத்திரத்தில், புளித்தண்ணீரோடும் அரைத்த தேங்காய் மசாலாவோடும் சேர்ந்து வேகிறது. அரிசி வேகும்போதே புளியும் மசாலாவும் அதற்குள் இறங்குவதால்தான் அந்த ருசி. முன்னதற்கு ‘டாஸ்டு வித்’, பின்னதற்கு ‘குக்டு டுகெதர்’ என்று பிரித்ததும் இரண்டும் வேறு சாப்பாடு என்பது வாசிக்கிறவருக்கு விளங்கிவிட்டது.

```
Koottanchoru  கூட்டாஞ்சோறு
Rice, toor dal, vegetables and moringa leaves
cooked together in one pot with tamarind
and ground coconut. Medium hot.
```

முருங்கைக்கு நான் ‘டிரம்ஸ்டிக்’ போடாததற்குக் காரணம் உண்டு. நமக்கு அது முருங்கைக்காய், வெளிநாட்டாருக்குக் கோழிக்கால். சைவ மெஸ் மெனுவில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு ஒருவர் எழுந்து போனாலும் போகலாம். `moringa` என்றால் குழப்பம் இல்லை. இப்படி இந்திய ஆங்கிலத்தில் மட்டும் ஓடுகிற சொற்களைத் தனியாகப் பட்டியல் போட்டுப் பாருங்கள். தயிருக்கு `yoghurt`, வெண்டைக்காய்க்கு `okra`, கத்தரிக்காய்க்கு `eggplant`. வடக்கேயிருந்து வருகிறவர்களுக்கும் இவை பெரும்பாலும் தெரிந்தவைதான்.

ஒரு வரியை எப்படி அடுக்குவது

நாங்கள் வைத்துக்கொண்ட வரிசை: முக்கியப் பொருள், சமைக்கும் முறை, ருசி தரும் பொருள், காரம், எதோடு சாப்பிடுவது. இருபது, இருபத்தைந்து ஆங்கிலச் சொற்களுக்குள் முடிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பசியோடு உட்கார்ந்திருப்பவர் படிக்கமாட்டார். ‘டெலிஷியஸ்’, ‘ஆதென்டிக்’, ‘மவுத் வாட்டரிங்’ போன்ற சொற்களை எல்லாம் அடித்துவிட்டோம். அந்த இடத்தில் இஞ்சியின் பெயரை எழுதலாம். சொதி வரி இப்படி அமைந்தது:

```
Sodhi  சொதி
Vegetables and moong dal simmered in coconut milk
with ginger and green chilli; lemon added last.
Mild. Eaten with rice and inji pachadi.
```

கடைசி வாக்கியம் இருந்தால் அந்தக் கணவனும் மனைவியும் சோறு கேட்டிருப்பார்கள். இந்தப் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் கல்யாணத்துக்கு அப்புறம் நடக்கும் மறுவீட்டு விருந்தில் சொதிச் சாப்பாடு போடுவது வழக்கம், அதனால் மாப்பிள்ளைச் சொதி என்றும் சொல்வார்கள். அதையும் எழுத வேண்டும் என்று மாமா ஆசைப்பட்டார். வரியில் திணிக்காமல், பக்கத்தின் அடியில் தனியாக ஒரு வாக்கியமாகப் போட்டோம். எல்லாப் பதார்த்தத்துக்கும் கதை எழுத ஆரம்பித்தால் மெனு நீண்டுவிடும். ஒரு பக்கத்துக்கு ஒரு கதை போதும்.

இன்னொரு பதார்த்தத்தோடு ஒப்பிட்டு விளக்கும் ஆசை வரும். சொதியைத் ‘தாய் கறி போல’ என்றும், பச்சடியை ‘ரைத்தா’ என்றும் எழுதத் தோன்றும். எங்கள் இஞ்சிப் பச்சடியில் தயிரே கிடையாது. இஞ்சியைப் புளியிலும் வெல்லத்திலும் சுண்டவைத்தது அது. ரைத்தா என்று படித்துவிட்டு அள்ளி வாயில் போட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். ஒப்பிடுவதை விட்டுவிட்டுச் செய்முறையைச் சொன்னால் இந்த ஆபத்து இல்லை.

‘கறி’ என்ற சொல்லையும் நாங்கள் முழுதாக விலக்கினோம். ஆங்கிலத்தில் ‘கறி’ என்றால் குழம்பு. இங்கே அசைவக்காரர் வீட்டில் கறி என்றால் ஆடு, சைவ வீட்டில் காய். குழம்பு, கூட்டு, அவியல், துவையல் ஆகிய நான்கையும் ‘கறி’ என்றே போட்டிருந்த பழைய அட்டையில் எதை எடுத்தாலும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

‘பால்’ என்று வரும் இடங்கள்

இது உடம்பைத் தொடுகிற விஷயம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். நாம் தேங்காய்ப்பால் என்கிறோம், அல்வாவுக்குக் கோதுமைப்பால் என்கிறோம். இரண்டிலும் மாட்டுப்பால் இல்லை. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்ததுதான் கோதுமைப்பால். அதை ‘வீட் மில்க்’ என்று எழுதினால் பால் சாப்பிடாதவர் குழம்புவார். பிழிந்தெடுத்த சாறு என்று எழுதுங்கள். அதே அல்வாவில் நெய் இருப்பதால் அது வீகன் ஆகாது, கோதுமை என்பதால் குளூட்டன் ஆகாதவர்களுக்கும் ஆகாது.

சொதி வீகனா என்பது தாளிப்பதைப் பொறுத்தது. ஆச்சி நெய்யில் தாளிக்கிறார்கள், ஆகவே இல்லை. எண்ணெயில் தாளித்துத் தர முடியுமா என்று கேட்டேன். தாளிப்பு கடைசியில்தானே, தனிக் கரண்டியில் செய்துவிடலாம் என்றார்கள். அப்படியானால் அதை மெனுவில் எழுதலாம். முடியாது என்றால் எழுதவே கூடாது.

அதிகம் தவறவிடுவது பெருங்காயம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்புறம் பாருங்கள். எங்கள் டப்பாவில் மைதா இருந்தது. குளூட்டன் இல்லை என்று குறி போட வைத்திருந்த பதார்த்தங்களில் சாம்பார், ரசம் உட்படப் பாதிக்கு மேல் அடித்துவிட வேண்டியதாயிற்று. நெய், பால், கோதுமை, முந்திரி, நிலக்கடலை, எள் ஆகிய ஆறையும் பதார்த்தவாரியாக ஒரு நோட்டில் எழுதி மாமாவின் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறோம். மெனுவில் எல்லாவற்றையும் ஏற்ற இடமில்லை. ‘ஒவ்வாமை இருந்தால் கேளுங்கள்’ என்று ஒரு வரி போட்டு, கேட்டால் நோட்டைப் பார்த்துப் பதில் சொல்லப் பையன்களைப் பழக்கினோம்.

சாப்பாடும் டிபனும்

நம் ஊர் போர்டில் ‘மீல்ஸ்’ என்றிருப்பது நமக்குத் தெளிவு. வெளியூர்க்காரருக்கு அது வெறுமனே ‘உணவு’. என்ன வரும், மறுபடி கேட்கலாமா, காசு கூடுமா என்று அவருக்குத் தெரியாது. இதற்கு மட்டும் வரி சற்று நீண்டாலும் பரவாயில்லை:

```
Saappaadu  சாப்பாடு (Meals)
Served on a banana leaf, lunch only: rice, sambar,
rasam, two vegetables, appalam, buttermilk.
More rice and vegetables at no extra charge.
```

டிபனையும் தலைப்பில் அப்படியே வைத்து, ‘காலையும் மாலையும்’ என்று நேரத்தைச் சேர்த்தோம். பார்சலுக்கு மட்டும் ‘டேக்அவே’ என்று மாற்றினோம். ஆங்கிலத்தில் பார்சல் தபால் சம்பந்தப்பட்டது.

அச்சுக்குப் போகும் முன்

எழுதி முடித்ததும் பெயரை மட்டும் மறைத்து, ஆங்கில வரியைத் தமிழில் திருப்பி ஆச்சியிடம் வாசித்தேன். “அரிசி, பருப்பு, கீரை எல்லாம் ஒண்ணாப் போட்டு, புளியும் தேங்காயும்...” என்றதுமே கூட்டாஞ்சோறு என்றார்கள். அந்த வரி தேறியது. “உளுந்தும் அரிசியும் சேர்த்து வேகவைத்தது” என்றபோது கொஞ்சம் யோசித்து, “பொங்கலா, கஞ்சியா?” என்றார்கள். அது உளுந்தஞ்சோறு. தொலி உளுந்து என்பதையும், பூண்டும் தேங்காயும் சேர்வதையும் நான் விட்டிருந்தேன். சமைத்தவரே கண்டுபிடிக்க முடியாத வரி வெளியூர்க்காரருக்கு எப்படி விளங்கும்? 22 வரிகளில் ஐந்தை இப்படித் திருத்தினோம்.

அடுத்து, தமிழ்ச் சாப்பாடே தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். பெங்களூரில் என்னோடு வேலை பார்க்கும் வடகிழக்கு மாநிலத்துத் தோழிக்கு அனுப்பினேன். ‘எது காரம் குறைவு, எதைத் தனியாகச் சாப்பிட முடியாது’ என்று இரண்டே கேள்விகள். இரண்டுக்கும் மெனுவைப் பார்த்தே சரியாகப் பதில் வந்தது.

டிடிபி கடையில் பெயர்களைத் திரும்பத் தட்டச்சு செய்ய விடாதீர்கள், கோப்பாகவே கொடுங்கள். கொடுத்த பிறகும் புரூஃபை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எங்களுக்கு வந்த முதல் புரூஃபில் கம்ப்யூட்டர் தானாகத் திருத்தி, சொதி வரும் இடமெல்லாம் `Soda` என்று இருந்தது.

அச்சடித்த பிறகு ஒரு விஷயம் மிஞ்சியது. சொதி வரியில் முதலில் காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய் என்று காய்களின் பெயரை எழுதியிருந்தேன். ஆச்சி கேட்டுவிட்டு, “முருங்கை வெலை ஏறிச்சுன்னா நான் போட மாட்டேனே” என்றார்கள். அதனால்தான் அங்கே வெறுமனே ‘வெஜிடபிள்ஸ்’ என்று இருக்கிறது. அன்றன்றைக்கு என்ன காய் என்பதை மாமா வாசலில் உள்ள கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுகிறார்.